மாதத்தின் 1ஆம் தேதி பிறந்த அரசு ஊழியரின் கடைசிப் பணிநாளைக் கணக்கிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1.7.1965 அன்று பிறந்தவரும் 2.7.1965 அன்று பிறந்தவரும் மத்திய அரசின் ஒரே அலுவலகத்தில் ஒரே பதவியில் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 30.6.2025 அன்று ஓய்வு பெறுவார், இரண்டாமவர் 31.7.2025 அன்று ஓய்வு பெறுவார். பிறப்பில் இருப்பது ஒரு நாள் இடைவெளி. பணிக்காலத்தில் அது 31 நாள்களாகிவிடுகிறது.

ஓய்வூதியக் கோப்புகளைத் தயாரிக்கும் பிரிவில் நான் இருந்த ஆண்டுகளில், புதிதாக வரும் எழுத்தர்கள் அதிகம் தடுக்கி விழுந்த இடம் இதுதான். தேதியைத் தவறாகக் குறித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்திருப்பார்கள். அதனால் கோப்பு முழுவதும் திரும்பி வரும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்வது நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படுகிறது. மத்திய அரசு ஊழியரை மையமாக வைத்தே எழுதியிருக்கிறேன்; தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு வேறுபடும் இடங்களை 7ஆம் பகுதியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தேவைப்படுவது பணிப்பதிவேட்டின் முதல் பக்கம். பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் அங்கே பதிவாகி, அலுவலரால் சான்றொப்பம் இடப்பட்டிருக்கும். ஓய்வுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படுவது அந்தத் தேதியே. ஆதார் அட்டையிலோ ஓட்டுநர் உரிமத்திலோ வேறு தேதி இருந்தால் அதை வைத்துக் கணக்கிடக் கூடாது.

அடுத்து, அந்தப் பதவிக்குரிய ஓய்வு வயது தேவை. பெரும்பாலான மத்திய அரசுப் பதவிகளுக்கு அது 60. மருத்துவர்கள் போன்ற சில பிரிவினருக்கு வேறு வயது உண்டு. வயது எதுவானாலும் 1ஆம் தேதிக் கணக்கு ஒன்றுதான்.

மூன்றாவதாக, பணியில் சேர்ந்த தேதி, கடைசி ஊதிய உயர்வு பெற்ற தேதி, ஊதியமில்லா விடுப்பு ஏதேனும் இருந்தால் அதன் விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவை 5ஆம் பகுதியில் தேவைப்படும்.

2. விதி எந்தத் தேதியைப் பார்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

மத்திய அரசின் அடிப்படை விதி 56, அரசு ஊழியர் 60 வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு பெறுவார் என்கிறது. பிறந்தநாள் கொண்டாடும் மாதம் என்று அது சொல்லவில்லை, வயது நிறைவடையும் மாதம் என்றே சொல்கிறது. இந்த இரண்டும் 1ஆம் தேதி பிறந்தவருக்கு மட்டும் வெவ்வேறு மாதங்களாக இருக்கும்.

காரணம் எளிது. சட்டத்தின் கணக்கில் பிறந்த நாள் ஒரு முழு நாளாகச் சேர்க்கப்படுகிறது. குழந்தை காலை 5 மணிக்குப் பிறந்தாலும் இரவு 11 மணிக்குப் பிறந்தாலும் அந்த நாள் முழுவதும் வாழ்ந்ததாகவே கொள்ளப்படும். அப்படிப் பார்த்தால் 1.7.1965 அன்று பிறந்தவரின் முதல் வயது 30.6.1966 நள்ளிரவோடு முடிந்துவிடுகிறது, 1.7.1966 இரண்டாம் வயதின் முதல் நாள். இதே கணக்கில் அவருடைய 60ஆம் வயது 30.6.2025 முடியும்போது நிறைவடைகிறது. நிறைவடையும் மாதம் ஜூன் என்பதால், கடைசிப் பணிநாள் ஜூன் 30.

2ஆம் தேதி பிறந்தவருக்கும் வயது ஒரு நாள் முன்னதாகவே நிறைவடைகிறது. ஆனால் அவருக்கு அந்த முந்தைய நாள் ஜூலை 1. அது ஜூலை மாதத்துக்குள்ளேயே இருப்பதால் மாதக் கடைசி வரை அவர் பணியில் இருக்கிறார்.

இந்தக் கணக்கு அலுவலகங்கள் தாமாகக் கட்டிய வழக்கம் அன்று. பிரபு தயாள் செஸ்மா எதிர் ராஜஸ்தான் அரசு என்ற வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், 2.1.1956 அன்று பிறந்தவர் 1.1.1984 அன்றே 28 வயதை அடைந்துவிட்டார் என்று கூறியது. அது பணியில் சேரும் வயது பற்றிய வழக்கு. ஆயினும் வயதை எண்ணும் முறை ஓய்வுக்கும் அதுவே. விதி 56இலும் ஐயத்துக்கு இடமில்லாமல், மாதத்தின் 1ஆம் தேதி பிறந்தவர் முந்தைய மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு பெறுவார் என்று தனி வரம்புரை சேர்க்கப்பட்டுள்ளது.

ஒரு மாதத்தைப் பறித்துவிட்டார்கள் என்று வருத்தப்படுபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: விதி 1ஆம் தேதிக்காரரிடமிருந்து எதையும் எடுக்கவில்லை, மற்றவர்களுக்குத்தான், வயது நிறைவடைந்த பிறகும் மாதக் கடைசி வரை சில நாள்களைக் கூடுதலாகக் கொடுக்கிறது. 2ஆம் தேதிக்காரருக்கு அந்தக் கூடுதல் ஏறத்தாழ ஒரு முழு மாதம். 1ஆம் தேதிக்காரரின் வயது மாதத்தின் கடைசி நாளிலேயே நிறைவடைவதால் அவருக்குக் கூடுதல் எதுவும் இல்லை.

3. தேதியைக் கணக்கிடுதல்

கையால் கணக்கிடும்போது மூன்று செயல்கள். பிறந்த தேதியிலிருந்து ஒரு நாளைக் கழியுங்கள். வரும் தேதியோடு ஓய்வு வயதுக்குரிய ஆண்டுகளைக் கூட்டுங்கள். கிடைக்கும் மாதத்தின் கடைசி நாளை எழுதுங்கள். ஒரு நாளைக் கழிப்பதை எப்போதும் முதலில் செய்யுங்கள். எல்லாத் தேதிகளுக்கும் செய்யுங்கள். 1ஆம் தேதிக்கு மட்டும் தனி விதி என்று நினைவில் வைத்துக்கொள்பவர்கள் அவசரத்தில் அதை மறந்துவிடுகிறார்கள்.

விரிதாளில் பட்டியல் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் பிறந்த தேதியை அப்படியே மாதக்கடைசிச் சூத்திரத்துக்குள் போட்டுவிடுகிறார்கள். அது 1ஆம் தேதிக்காரர்கள் அனைவருக்கும் ஒரு மாதம் தவறாக விடை தரும். மற்றவர்களுக்குச் சரியாக இருப்பதால் தவறு கண்ணிலும் படாது. சரியான சூத்திரம் இது. A2 என்பது பிறந்த தேதி உள்ள கட்டம், 720 என்பது 60 ஆண்டுகளுக்கான மாதங்கள்:

```
=EOMONTH(A2-1,720)
```

விடை ஐந்திலக்க எண்ணாகத் தெரிந்தால் அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். அதைவிட ஆபத்தானது, தேதியைக் கணினி புரிந்துகொள்ளும் விதம். மாதத்தை முதலில் படிக்கும்படி அமைக்கப்பட்ட கணினியில் 01/07/1965 என்று தட்டச்சு செய்தால் அது ஜனவரி 7 ஆகிவிடும். ஓய்வுத் தேதி 31.1.2025 என்று வந்து நிற்கும். மாதத்தைப் பெயராகக் காட்டும் வடிவத்தில் வைத்து ஒருமுறை கண்ணால் சரிபார்ப்பதே இதற்கு வழி.

பிப்ரவரியில் ஒரு சறுக்கல் உண்டு. 1.3.1965 அன்று பிறந்தவர் 28.2.2025 அன்று ஓய்வு பெற்றார். ஆனால் 1.3.1964 அன்று பிறந்தவரின் கடைசிப் பணிநாள் 29.2.2024. பிப்ரவரி என்றாலே 28 என்று கை எழுதிவிடும். அந்த ஒரு நாளுக்கு ஊதியமும் உண்டு, பணிக்காலமும் உண்டு.

ஜனவரி 1 அன்று பிறந்தவர்களுக்கு மாதத்தோடு ஆண்டும் மாறும். 1.1.1956 அன்று பிறந்தவர்கள் 31.12.2015 அன்று ஓய்வு பெற்றார்கள். 7வது ஊதியக் குழுவின் ஊதியமும், 10 இலட்சத்திலிருந்து 20 இலட்சமாக உயர்ந்த பணிக்கொடை உச்சவரம்பும் 1.1.2016 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒரு நாள் தள்ளிப் பிறந்தவர்கள் 31.1.2016 வரை பணியில் இருந்ததால் அவற்றுக்குள் வந்தார்கள்.

4. பதிவேட்டில் குறித்தலும் கால அட்டவணையும்

கணக்கிட்ட தேதியைப் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில், பிறந்த தேதிக்கு அருகில் பென்சிலால் குறித்து வையுங்கள். பிறகு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மத்திய அரசு ஓய்வூதிய விதிகளின்படி, அடுத்த 15 மாதங்களில் ஓய்வு பெறுவோரின் பட்டியல் மாதந்தோறும் 15ஆம் தேதிக்குள் தயாராக வேண்டும். ஓய்வுக்கு ஓராண்டு முன்பு ஓய்வூதியத் தாள்களைத் தயாரிக்கும் வேலை தொடங்க வேண்டும். ஆறு மாதம் முன்பு ஊழியர் தம் படிவங்களைத் தர வேண்டும். நான்கு மாதம் முன்பு கோப்பு கணக்கு அலுவலகத்துக்குச் சென்றிருக்க வேண்டும்.

ஓய்வு மாதம் ஒன்று தவறினால் இந்த எல்லா எல்லைகளும் ஒரு மாதம் தள்ளிவிடும். 1.7.1965 பிறப்புக்கு ஜூலை என்று குறித்த எழுத்தர் மார்ச் கடைசியில் கோப்பை அனுப்பிவிட்டு, நான்கு மாதம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார். உண்மையில் மூன்று மாதமே இருக்கும்; முதல் ஓய்வூதியம் தாமதமாவது பெரும்பாலும் இப்படித்தான்.

எங்கள் பிரிவில் ஒருமுறை இதைவிடச் சங்கடமான ஒன்று நேர்ந்தது. ஆகஸ்ட் 1 அன்று பிறந்த ஒருவருக்கு ஆகஸ்ட் 31 என்று நாங்கள் வாய்மொழியாகச் சொல்லியிருந்ததால், அவர் பணி நிறைவு விழாவுக்கு மண்டபம் பிடித்து அழைப்பிதழும் அச்சடித்துவிட்டார். ஜூலை இரண்டாவது வாரத்தில் கணக்கு அலுவலகத்திலிருந்து ஒரு வரிக் கேள்வி வந்த பிறகே பதிவேட்டை மீண்டும் திறந்து பார்த்தோம். அன்றிலிருந்து வாயால் தேதி சொல்வதில்லை, எழுத்தில்தான் தருவோம்.

இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: ஓய்வு தானாக நிகழ்கிறது. ஓய்வு ஆணை வரவில்லை என்பதால் ஒருவர் தொடர்ந்து பணியாற்ற முடியாது. கவனக்குறைவால் அப்படித் தொடர்ந்தாலும் அந்த நாள்கள் பணிக்காலமாகச் சேரா.

5. தொகைகளைக் கணக்கிடுதல்: ஓர் எடுத்துக்காட்டு

தொடக்கத்தில் சொன்ன இருவரையும் எடுத்துக்கொள்வோம். இருவரும் 3.4.1995 அன்று பணியில் சேர்ந்தவர்கள், ஆகவே பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள். ஜூன் 2025இல் இருவருக்கும் அடிப்படை ஊதியம் 66,000 ரூபாய். ஊதிய உயர்வுத் தேதி ஜூலை 1. சேமிப்பில் 300 நாள் ஈட்டிய விடுப்பு.

முதலில் பணிக்காலத்தை எண்ணுங்கள். ஓய்வு பெறும் நாளும் பணிநாளாகச் சேரும். 30.6.2025 வரை முதலாமவருக்கு 30 ஆண்டு, 2 மாதம், 28 நாள். இரண்டாமவருக்கு 30 ஆண்டு, 3 மாதம், 29 நாள். பணிக்கொடை அரையாண்டுகளாக எண்ணப்படுகிறது. எஞ்சிய பகுதி 3 மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அது ஓர் அரையாண்டாகிவிடும். முதலாமவருக்கு 60 அரையாண்டுகள், இரண்டாமவருக்கு 61. முதலாமவர் மூன்று நாள் முன்னதாகப் பணியில் சேர்ந்திருந்தால் அவருக்கும் 61 கிடைத்திருக்கும். சேர்ந்த தேதியை முதலிலேயே எழுதி வைக்கச் சொன்னது இதனால்தான்.

பணிக்கொடை என்பது ஒவ்வோர் அரையாண்டுக்கும், அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் கால் பங்கு. ஜூன் 2025இல் அகவிலைப்படி 55 விழுக்காடு. முதலாமவரின் தொகை 1,02,300. அதன் 15 மடங்கு 15,34,500 ரூபாய். இரண்டாமவருக்கு ஜூலை 1 அன்று ஊதிய உயர்வு கிடைத்து அடிப்படை ஊதியம் 68,000 ஆகிறது, அகவிலைப்படியும் 1.7.2025 முதல் 58 விழுக்காடு. அவருடைய தொகை 1,07,440, அதன் 15.25 மடங்கு 16,38,460 ரூபாய். வேறுபாடு 1,03,960 ரூபாய்.

300 நாள் விடுப்புக்கான பணம் இதே தொகையின் பத்து மடங்கு: முதலாமவருக்கு 10,23,000, இரண்டாமவருக்கு 10,74,400. இவற்றோடு இரண்டாமவருக்கு ஜூலை மாத ஊதியம் முழுமையாக உண்டு. முதலாமவருக்கு அந்த மாதத்திலிருந்து ஓய்வூதியம் தொடங்கிவிடும்.

6. ஜூன் 30, டிசம்பர் 31 ஓய்வுகளில் ஊதிய உயர்வைச் சரிபார்த்தல்

மத்திய அரசில் ஊதிய உயர்வு ஜனவரி 1 அல்லது ஜூலை 1 அன்று வழங்கப்படுகிறது. ஆகவே ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாள்களில் பிறந்தவர்கள், ஓராண்டு முழுவதும் உழைத்து முடித்து, உயர்வு கிடைப்பதற்கு முந்தைய நாள் வெளியேறுகிறார்கள். இந்த நிலையில் இருந்த அய்யம்பெருமாள் என்ற அலுவலரின் வழக்கில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் ஊழியருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் ஏப்ரல் 2023இல், கர்நாடக மின்பரிமாற்றக் கழக ஊழியர்களின் வழக்கில், உழைத்த ஆண்டுக்கான உயர்வை ஓய்வின் பெயரால் மறுக்க முடியாது என்று முடிவு செய்தது.

இதன் தொடர்ச்சியாக மத்திய அரசின் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 20.5.2025 நாளிட்ட குறிப்பாணையில், ஜூன் 30 அல்லது டிசம்பர் 31 அன்று ஓய்வு பெறுவோருக்கு, அந்த ஊதிய உயர்வுக்குரிய பணிக்காலமும் திருப்தியான பணியும் இருந்தால், அடுத்த நாள் உயர்வைக் கருத்தியலாகச் சேர்த்துக்கொள்ள வழி செய்தது. ஆனால் அது ஓய்வூதியத்தைக் கணக்கிடுவதற்கு மட்டுமே.

நம் எடுத்துக்காட்டில் முதலாமவரின் ஓய்வூதியம் 66,000இன் பாதியாக 33,000 என்று நிற்காமல், 68,000இன் பாதியாக 34,000 ஆகிறது. மாத ஓய்வூதியத்தில் இருவரும் சமம். பணிக்கொடையிலும் விடுப்புப் பணத்திலும் 5ஆம் பகுதியில் கண்ட வேறுபாடு அப்படியே நிற்கும். புதியவர்கள் இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள்: ஒருவர் கருத்தியல் உயர்வை மறந்து 33,000 என்று எழுதுவார், இன்னொருவர் 68,000ஐ எல்லாக் கணக்கிலும் நுழைத்துவிடுவார். முதல் தவறு ஊழியருக்கு வாழ்நாள் இழப்பு. இரண்டாவது பிற்பாடு பிடித்தமாக வந்து நிற்கும்.

மற்ற மாதங்களின் 1ஆம் தேதி பிறந்தவர்களுக்கு இந்தப் படி பொருந்தாது. 1.9.1965 அன்று பிறந்தவர் 31.8.2025 அன்று ஓய்வு பெறும்போது அவருடைய ஜூலை உயர்வு ஏற்கெனவே கையில் வந்திருக்கும்.

7. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு மாறுபடுபவை

தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. 1ஆம் தேதி பிறந்தவர் முந்தைய மாதக் கடைசியில் ஓய்வு பெறுவது இங்கும் அப்படியே. ஊதிய உயர்வு மட்டும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் 1ஆம் தேதிகளில் வரும். ஆகவே காலாண்டின் கடைசி நாளில் ஓய்வு பெறுபவருக்கு மறுநாள் ஊதிய உயர்வு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் 31.12.2014 நாளிட்ட நிதித்துறை அரசாணை எண் 311இன்படி ஓய்வூதியப் பயனுக்காகக் கருத்தியல் உயர்வு கோரலாம்.

ஆசிரியர்களுக்கு ஜூன் 1 தனிக் கவலை. கல்வியாண்டின் நடுவே ஓய்வு பெறும் ஆசிரியருக்கு, மாணவர் நலன் கருதி, கல்வியாண்டின் இறுதி வரை மறுநியமனம் வழங்கும் நடைமுறை இருக்கிறது. ஜூன் 2 அன்று பிறந்தவர் ஜூன் 30 அன்று ஓய்வு பெறுவதால் அந்த மறுநியமனத்துக்குள் வருவார். ஜூன் 1 அன்று பிறந்தவர் மே 31 அன்றே ஓய்வு பெறுகிறார். அதற்குள் கல்வியாண்டு முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க வந்த பிள்ளைக்குப் பிறந்த தேதி தெரியாவிட்டால், ஐந்து வயது வருமாறு தலைமையாசிரியரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிவிடுவார். அப்படி எழுதப்பட்ட ஒரு 1, ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து இப்படி வந்து நிற்கிறது.

8. பிறந்த தேதியைத் திருத்தலாமா என்ற கேள்வி

கணக்கைக் காட்டியதும் எல்லாரும் கேட்பது இது. பிறந்த தேதித் திருத்தத்தை, பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். எழுதும்போது உண்மையான பிழை நேர்ந்தது என்று ஆவணத்தோடு காட்டவும் வேண்டும். ஓய்வு நெருங்கும் நேரத்தில் தரப்படும் மனுக்களை நீதிமன்றங்களும் ஏற்பதில்லை. பள்ளியில் தோராயமாக எழுதிய தேதி என்பதும் இப்போது காரணமாகாது, ஏனெனில் அந்தத் தேதியைக் காட்டித்தான் ஊழியர் பணியில் சேர்ந்திருக்கிறார்.

திருத்த முடிவது ஒன்றுதான்: பள்ளிச் சான்றிதழில் 11.7.1965 என்று இருப்பதைப் பதிவேட்டில் 1.7.1965 என்று யாரோ தவறாகப் பெயர்த்து எழுதியிருந்தால், அது எழுத்துப் பிழை. இதையும் ஓய்வு நேரம் வரை விட்டுவைக்காமல், பதிவேட்டைப் பார்வையிடும் வாய்ப்பு கிடைக்கும்போதே கவனியுங்கள். 18 ஆண்டு பணி முடிந்ததும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பும் பணிக்காலச் சரிபார்ப்பு நடக்கும். அப்போது முதல் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

9. கடைசி நாளில் பொறுப்பை ஒப்படைத்தல்

மாதக் கடைசி விடுமுறை நாளாக இருந்தாலும் ஓய்வுத் தேதி மாறாது. 1.6.1966 அன்று பிறந்தவருக்குக் கடைசி நாள் 31.5.2026; அது ஞாயிற்றுக்கிழமை. பணம், பொருள், சாவி, கோப்புகள் ஆகியவற்றை 29.5.2026 வெள்ளிக்கிழமையே கணக்குப் பார்த்து ஒப்படைத்துவிடலாம். ஆனால் பொறுப்பு விடுவிப்புச் சான்றில் 31.5.2026 பிற்பகல் என்றே எழுத வேண்டும். வெள்ளிக்கிழமையின் தேதியை எழுதிவிட்டால் பணிக்காலத்தில் இரண்டு நாள் குறையும். மூன்று மாத எல்லையில் நிற்பவருக்கு அந்த இரண்டு நாளே ஓர் அரையாண்டைக் கொண்டுபோய்விடக் கூடும். சான்றில் "முற்பகல்" என்ற சொல் அச்சாகியிருந்தால் அதை அடித்து, சுருக்கொப்பமிட்டு, "பிற்பகல்" என்று எழுதிய பிறகே கையொப்பம் இடுங்கள்.